ரத்தான சுற்றுலா, வந்த நோட்டீஸ், எழுத வேண்டிய பதில்

சுற்றுலா நடத்தும் ஒருவரின் அலுவலகத்துக்கு நோட்டீஸ் வந்ததும் அவர் முதலில் பார்க்க வேண்டியது, அதை அனுப்பியது யார் என்பதை. வாடிக்கையாளரோ அவருடைய வழக்கறிஞரோ அனுப்பியிருந்தால் அது ஒரு கோரிக்கை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அனுப்பியிருந்தால், புகார் ஏற்கப்பட்டு வழக்கு தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டிலும் 'நோட்டீஸ்' என்றே இருப்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள்.

முதல் வகை நோட்டீஸில் '15 நாளுக்குள் பணம் தராவிட்டால் வழக்கு' என்று இருக்கும். அந்த 15 நாள் அனுப்பியவர் வைத்த கெடுதான், சட்டம் வைத்ததில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்வதற்கு முன் நோட்டீஸ் அனுப்பியே ஆக வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அப்படியென்றால் பதில் எழுதாமல் இருந்துவிடலாமா? கூடாது. நாளைக்கு வழக்கு வந்தால், 'அன்றைக்கு ஏன் மறுக்கவில்லை?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பதில் சொல்லாதவருக்கு எதிராக ஆணையம் ஊகித்துக்கொள்ள இடமிருக்கிறது.

இரண்டாம் வகையில் கெடு கறாரானது. புகாரின் நகலோடு நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். ஆணையம் மனமிரங்கினால் மேலும் 15 நாள். 45 நாளைத் தாண்டிவிட்டால் எழுத்து மூலமான பதிலை ஏற்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. அது பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், புதிய சட்டத்திலும் அதே கெடுதான் இருக்கிறது. நோட்டீஸ் வந்த உறையைப் பத்திரப்படுத்தி, கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வைப்பது நல்லது.

இந்தக் கட்டுரை முதல் வகைக்கான பதிலைப் பற்றியது. அந்தக் கட்டத்தில் ஒழுங்காக எழுதப்பட்ட பதில் பல வழக்குகளைத் தொடங்காமலே தடுத்துவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் சிறிய அளவில் டூர் நடத்துகிறவர் ஒருவர். திருநெல்வேலியைச் சேர்ந்த நால்வர் குடும்பம் அவரிடம் அந்தமான் சுற்றுலாவுக்குப் பதிவு செய்கிறது. கட்டணம் 1,20,000 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி 6,000 ரூபாய், ஆக 1,26,000 ரூபாய். முழுத் தொகையும் கட்டியாகிவிட்டது. கிளம்ப 12 நாள் இருக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். குடும்பம் பயணத்தை ரத்து செய்கிறது. 'பயணத்துக்கு 15 நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பாது' என்ற நிபந்தனையை டூர்க்காரர் காட்டுகிறார். ஒரு மாதம் கழித்து வழக்கறிஞர் நோட்டீஸ் வருகிறது: முழுத் தொகையும் வேண்டும், மன உளைச்சலுக்கு 50,000 ரூபாயும் வேண்டும்.

பெரும்பாலான டூர்க்காரர்கள் இந்த இடத்தில் அந்த நிபந்தனையை மட்டும் எடுத்துப் போட்டு, 'ஒப்பந்தப்படி எதுவும் தர வேண்டியதில்லை' என்று நாலு வரியில் பதில் அனுப்பிவிடுகிறார்கள். அந்த நாலு வரி அவர்களுக்கே வினையாக முடியும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை முறித்தவர் தர வேண்டிய தொகை முன்பே எழுதப்பட்டிருந்தாலும், அது உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. இழப்புக்குப் பொருந்தாத அளவு அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று நுகர்வோர் சட்டமும் வரையறுக்கிறது. ஆகவே ஆணையம் கேட்கப்போவது ஒன்றுதான்: இந்தக் குடும்பம் வராததால் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நட்டம்?

அந்தக் கேள்விக்கான கணக்குதான் பதிலின் உயிர். அதை நோட்டீஸ் வந்த வாரத்திலேயே போட்டுவிட வேண்டும்.

நம் உதாரணத்தில் விமான டிக்கெட்டுக்கு 44,000 ரூபாய் போயிருந்தது. ரத்து செய்ததும் விமான நிறுவனம் தலைக்கு 5,000 பிடித்துக்கொண்டு 24,000 ரூபாயைத் திருப்பிவிட்டது. நட்டம் 20,000. விடுதிகளுக்கு முன்பணம் 30,000. அதில் 12,000 ரூபாயை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தீவுகளுக்கு இடையே ஓடும் படகுக்குக் கட்டிய 10,000 ரூபாயில் 4,000 போயிற்று. வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கியிருந்த 16,000 ரூபாய் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவே இல்லை. அதில் நட்டமே கிடையாது. ஆகக் கையை விட்டுப் போனது 36,000 ரூபாய். பதிவு செய்ததற்கும் ரத்து செய்ததற்குமான அலுவலக உழைப்புக்கு 6,000 ரூபாய் சேர்த்தால் 42,000. மீதி 78,000 ரூபாய் வாடிக்கையாளருடையது.

நடக்காத பயணத்தின் லாபம் முழுவதையும் கேட்டு வாதாடச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. ஆனால் வண்டி ஓடவில்லை, சமையல் நடக்கவில்லை. அதற்கும் சேர்த்து லாபம் வேண்டும் என்பதை நான் நியாயமாகக் கருதவில்லை. செய்த வேலைக்கு ஒரு தொகை, அதற்குக் காரணம் ஒரு வரி என்று எழுதுவது ஆணையத்தின் முன் எளிதில் நிற்கும்.

விமான டிக்கெட்டில் ஒரு நுட்பம் உண்டு. 'திரும்பப் பெற முடியாத' சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அதில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் போன்றவற்றையும் விமான நிறுவனம் திருப்பித்தான் ஆக வேண்டும். இது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. டிக்கெட் பணம் முழுவதும் போய்விட்டது என்று பதிலில் எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது இதைத்தான். கேட்டு வாங்காமல் விட்ட தொகையை வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது.

ஜிஎஸ்டியையும் பிரித்துக் காட்ட வேண்டும். திருப்பும் 78,000 ரூபாயோடு அதற்கான வரி 3,900 ரூபாயும் சேர்ந்தே போக வேண்டும். அதற்கு வரவுக் குறிப்பு போட்டு டூர்க்காரர் தன் வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம். பிடித்துக்கொண்ட 42,000 ரூபாய்க்கு அதே 5 சதவீத வரி உண்டு. ரத்துக் கட்டணத்துக்கும் மூலச் சேவையின் வரி விகிதமே பொருந்தும் என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஆக, திரும்ப வேண்டியது 81,900 ரூபாய்.

கணக்கு தயாரான பிறகு கடிதம் எழுதுவது கடினமில்லை. நோட்டீஸின் தேதி, அது கைக்குக் கிடைத்த தேதி, பதிவு எண், 'எங்கள் உரிமைகளுக்குக் குந்தகமின்றி இந்தப் பதிலை அளிக்கிறோம்' என்ற வரி ஆகியவை தொடக்கம். பிறகு நோட்டீஸின் ஒவ்வொரு பத்தியையும் எண் போட்டு எதிர்கொள்ள வேண்டும். உண்மையானதை உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்: பணம் கட்டினார், இன்ன தேதியில் ரத்து செய்தார், மருத்துவச் சான்று அனுப்பினார். மறுப்பதைக் குறிப்பாக மறுக்க வேண்டும். 'எல்லாக் குற்றச்சாட்டுகளும் பொய்' என்று ஒரே வீச்சில் எழுதிவிட்டு, கீழே 'நீங்கள் கட்டிய தொகையில்' என்று தொடங்கினால் முன்வரியைப் பின்வரி அடித்துவிடும்.

முக்கியமான பகுதி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"தங்கள் வீட்டுப் பெரியவரின் உடல்நலக் குறைவு எங்களுக்கு வருத்தம் அளிக்கிறது. பயணம் தங்கள் தரப்பில் ரத்து செய்யப்பட்டது. எங்கள் சேவையில் குறைபாடு எதுவும் இல்லை. எனினும் ரத்தினால் எங்களுக்கு ஏற்பட்ட செலவு போக மீதியை வைத்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. விமான நிறுவனம், விடுதிகள், படகு நிறுவனம் ஆகியவை பிடித்த தொகைக்கான ரசீதுகளை இணைத்துள்ளோம். அதன்படி 78,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி 3,900 ரூபாயும் சேர்த்து 81,900 ரூபாயைத் தாங்கள் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு இன்று அனுப்பியுள்ளோம். மன உளைச்சலுக்கான கோரிக்கையை மேற்கண்ட காரணங்களால் மறுக்கிறோம்."

இதில் நோயைப் பற்றிய வருத்தம் இருக்கிறது, தவறை ஒப்புக்கொள்ளும் சொல் இல்லை. 'இன்று அனுப்பியுள்ளோம்' என்பதிலும் காரணம் உண்டு. 'முழுத் தீர்வு என்று கையெழுத்திட்டால்தான் பணம்' என்று நிபந்தனை போடுகிறவர்கள் அதிகம். தான் தர வேண்டியது என்று தானே கணக்குப் போட்ட தொகையைப் பணயமாக வைப்பது நியாயமும் இல்லை, புத்திசாலித்தனமும் இல்லை. அந்தத் தொகை போய்ச் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் வட்டி கேட்க முடியாது. மிச்சமிருப்பது 44,100 ரூபாய் பற்றிய தகராறு மட்டுமே. பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்துக்கான கூப்பனைத் திணிப்பதும் இதே போன்ற பிழைதான். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டால் தரலாம்.

பதிலில் வரக் கூடாதவையும் சில. 'நாங்கள் வெறும் ஏஜென்ட், விமான நிறுவனத்தைக் கேளுங்கள்' என்பது ஒன்று. மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே விலை வாங்கியவர் அப்படிக் கைகழுவ முடியாது. 'மதுரை நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது' என்ற வரியை நம்பி அதட்டுவது இன்னொன்று. புகார்தாரர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று சட்டத்தின் 34-ஆவது பிரிவு சொல்லிவிட்டது. அந்தக் குடும்பம் திருநெல்வேலி ஆணையத்துக்கே போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

நிபந்தனைகளை வாடிக்கையாளருக்கு எப்போது காட்டினோம் என்பதையும் டூர்க்காரர் நேர்மையாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் நிபந்தனைத் தாள் போன நேரமும் முதல் பணம் வந்த நேரமும் அங்கேயே இருக்கும். பணம் வாங்கிய பிறகு ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தது என்றால், அந்த நிபந்தனையின் மீது எதையும் கட்டாமல் இருப்பதே நல்லது.

மேலே சொன்னதெல்லாம் வாடிக்கையாளர் ரத்து செய்த கதை. ஆள் சேரவில்லை என்று டூர்க்காரரே ரத்து செய்திருந்தால் இந்தக் கழிவுக் கணக்குக்கே வேலையில்லை. முழுப் பணமும் திரும்ப வேண்டும், பதில் கடிதத்தில் பேச வேண்டியது தாமதத்தைப் பற்றித்தான்.

பதிலை ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால் அதே வழியில் அனுப்பலாம். நோட்டீஸ் வழக்கறிஞரிடமிருந்து வந்திருந்தால் பதிலும் அவர் முகவரிக்கே போக வேண்டும். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணைக் கடிதத்தில் குறிக்க மறக்கக் கூடாது.

அதற்குப் பிறகும் குடும்பம் வழக்குப் போடலாம். ரத்து நடந்ததிலிருந்து அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அப்படி ஆணையத்தின் நோட்டீஸ் வந்தால், இதே கடிதமும் ரசீதுகளும் 30 நாளுக்குள் தர வேண்டிய பதிலின் அடித்தளமாகிவிடும். அதைத் தவறவிட்டு ஒருதலைத் தீர்ப்பு வந்தால், மாநில ஆணையத்தில் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கு முன் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும்.