இணையவழி வைவா: குரல் அறுபடாமல் நடத்துவது எப்படி?

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வைக் காணொளிக் கூட்டமாக நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெருந்தொற்றுக் காலம் முடிந்த பிறகும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை. புறத்தேர்வாளர் வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருந்தால், ஆய்வாளர் தன் வீட்டு மேசையிலிருந்தே ஆய்வேட்டுக்காக வாதாட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட தேர்வில் ஒரே இணைப்பின் வழியாகக் குரல், ஸ்லைடு, முகம் ஆகிய மூன்றும் போகின்றன. ஜூம் நிறுவனத்தின் குறிப்புப்படி குரலுக்கு விநாடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். முகம் இல்லாத திரைப் பகிர்வுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். பலர் கூடும் கூட்டத்துக்குத் தெளிவான வீடியோ அனுப்பவோ 2.6 மெகாபிட் வரை வேண்டும், அதாவது குரலைப்போல முப்பது மடங்குக்கும் மேல். தேர்வாளர் மதிப்பிடுவது ஆய்வாளர் சொல்லும் பதிலை. முகம் தெரியாமல் பத்து நிமிடம் ஓடலாம், குரல் கேட்காமல் ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆகவே இணைப்பு தளர்ந்தால் முதலில் கேமராவை நிறுத்த வேண்டும், அடுத்து ஸ்லைடைக் கைவிட வேண்டும், குரலைக் கடைசிவரை காக்க வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாமே இந்த வரிசையைப் பின்பற்றியவைதான்.

விளம்பரத்தில் சொல்லப்படும் இணைய வேகம் இங்கே பெரிதாக உதவாது. 100 மெகாபிட் இணைப்பிலும் குரல் விட்டுவிட்டுக் கேட்பதுண்டு. வழியில் தரவுத் துணுக்குகள் தொலைவதும் தாமதம் ஏறி இறங்குவதும்தான் காரணம். இதை விண்டோஸ் கணினியில் ஒரே கட்டளையால் பார்த்துவிடலாம்:

```
ping -n 200 8.8.8.8
```

கடைசியில் வரும் Lost என்ற எண் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இருந்தால் நல்லது. ஐந்தாறு துணுக்குகள் தொலைந்தாலும், time என்ற எண் 30-இல் இருந்து 400-க்குத் தாவித் தாவி வந்தாலும் பேச்சு இடறும். சோதனையை முதலில் வைஃபையிலும், பிறகு ரௌட்டரிலிருந்து நேரே கேபிள் செருகியும், தேர்வு நடக்கப்போகும் அதே நேரத்தில் செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கேபிள் செருகியதுமே தாவல் அடங்கிவிடும். அப்படியும் அடங்காமல், வீட்டில் யாராவது படங்களை மேலேற்றும்போது மட்டும் தாமதம் ஏறினால், அனுப்பும் வழியில் நெரிசல் என்று பொருள். தேர்வு முடியும்வரை மற்றவர்களின் கைபேசிகளை வைஃபையிலிருந்து விலக்கி வைப்பதே அதற்கு எளிய தீர்வு.

மின்தடையைப் பலரும் பாதிதான் யோசிக்கிறார்கள். மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, ரௌட்டருக்கு இல்லை. மின்சாரம் போன நொடியில் இணைப்பும் போய்விடும். ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் இதற்குப் போதும். ஃபைபர் இணைப்பில் சுவரோரம் தனிப்பெட்டி இருந்தால் அதற்கும் மின்சாரம் கிடைக்கிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வு நாளில் அந்தப் பகுதிக்குப் பராமரிப்பு மின்நிறுத்தம் அறிவித்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் அவசியம்.

ஒலிக்குக் கம்பியுள்ள ஹெட்செட்டே நம்பகமானது. புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கினால் பெரும்பாலும் ஒலித்தரம் இறங்கிவிடும். பாதியில் சார்ஜ் தீரும் கவலை வேறு. மைக் வாய்க்கு நேரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று இரையாது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் ஓசை அறையில் இருப்பவருக்குப் பழகிப்போயிருக்கும், தேர்வாளருக்கு அப்படியில்லை. ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்டால் தெரிந்துவிடும். கேமராவுக்கு அதிகம் வேண்டாம்: கண் மட்டத்தில் வைத்து, ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் முகத்துக்கு எதிரே இருக்கும்படி உட்கார்ந்தால் போதும். செயற்கைப் பின்னணி பழைய கணினியைச் சூடாக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஸ்லைடில் அசைவுகள் வேண்டாம். திரைப் பகிர்வில் அவை விட்டுவிட்டுத் தெரியும். பவர்பாயின்ட்டில் Set Up Slide Show பகுதியில் Browsed by an individual என்பதைத் தேர்ந்தால் ஸ்லைடு முழுத்திரையை மறைக்காமல் ஒரு சாளரத்தில் ஓடும். கூட்டத்தினரையும் கூடவே பார்க்கலாம். ஒவ்வொரு ஸ்லைடிலும் எண் பெரிதாக இருக்க வேண்டும். முழுத் தொகுப்பையும் பிடிஎஃப் ஆக்கி முந்தைய நாளே நெறியாளருக்கும் தேர்வாளர்களுக்கும் அனுப்பிவிட வேண்டும். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பக்கங்கள் வேறு கணினியில் குழம்பித் தெரியும் ஆபத்தும் பிடிஎஃபில் இல்லை.

கூட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலிருந்து தொடங்குவதே முறை. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், வைவாவோ அதைத் தாண்டும். நெறியாளரை இணை நடத்துநராக வைத்தால், நடத்துநரின் இணைப்பே அறுந்தாலும் கூட்டம் கலையாது.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். ஆய்வாளர் நாமக்கல்லில், புறத்தேர்வாளர் டெல்லியில், தேர்வு காலை 11 மணிக்கு. ஆய்வாளரின் கணினி பிராட்பேண்டில் கேபிளோடு இணைந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் கைபேசி வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டா வழியாகத் தொடக்கத்திலிருந்தே கூட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதில் ஒலி இணைக்கப்படவில்லை. இணைத்திருந்தால் எதிரொலி கிளம்பியிருக்கும். 11.18-க்கு, 14-ஆம் ஸ்லைடில் பிராட்பேண்ட் நின்றுபோகிறது. ஆய்வாளரின் கணினித் திரையில் ஸ்லைடுகள் வழக்கம்போல நகர்ந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் கோப்பு அவரிடமே இருக்கிறது. பலர் இரண்டு மூன்று நிமிடம் யாருமற்ற வெளியில் பேசிக்கொண்டிருப்பது இதனால்தான். கைபேசியில் தெரிவதோ மற்றவர்கள் காணும் திரை. 14-ஆம் ஸ்லைடு அங்கே உறைந்ததுமே இவருக்குப் புரிந்துவிடுகிறது.

உடனே கணினி ஒலியை அணைத்து, கைபேசியில் ஒலியை இணைத்து, "இணைப்பு அறுந்தது, 14-ஆம் ஸ்லைடிலிருந்து தொடர்கிறேன்" என்கிறார். நெறியாளர் தன்னிடமுள்ள பிடிஎஃபைத் திரையில் காட்டுகிறார். ஆய்வாளர் ஸ்லைடு எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பேசுகிறார். 11.20-க்கெல்லாம் தேர்வு தொடர்கிறது. கைபேசி இணைப்பும் போயிருந்தால், தலைவர் ஆய்வாளரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைப்பார். அதற்கான எண்கள் காகிதத்தில் எழுதி மேசைமேல் இருக்க வேண்டும்.

எத்தனை நிமிடம் காத்திருப்பது, எப்போது வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பது என்பதைத் தலைவர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவது ஆய்வாளருக்குச் செய்யும் நியாயம். கேள்வியின் நடுவில் அறுந்தால் கேள்வியை முழுமையாகத் திரும்பக் கேட்க வேண்டும். பாதி கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலைக் கணக்கில் கொள்ளக் கூடாது.

காத்திருப்பு அறையை இயக்கிவைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. இணைப்பு மீண்டு வரும் ஆய்வாளர் அந்த அறையிலேயே நிற்பார், உள்ளே யாரும் கவனிக்க மாட்டார்கள். அவரை அனுமதிக்கும் பொறுப்பை இணை நடத்துநரிடம் ஒப்படைக்க வேண்டும். கேள்விகள் முடிந்து தேர்வாளர்கள் தனியாகக் கலந்துபேசும் நேரத்தில் அதே அறை வேறு விதமாகப் பயன்படும். ஆய்வாளரை அங்கே அனுப்பும்போது அவருடைய கணினியோடு மாற்றாக வைத்த கைபேசியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பட்டியலில் இரண்டுக்கும் அவர் பெயரே தெளிவாக இருந்தால் இது தவறாது. இல்லையென்றால் தேர்வாளர்களின் தனிப்பேச்சு மறந்துபோன அந்தக் கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும்.