படம் தெரியாதவருக்குப் படத்தைச் சொல்வது

கனடாவில் பி.ஆருக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுகளில் செல்பிப்பும் ஒன்று. அதன் பேச்சுப் பகுதியில் எதிரே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினித் திரையைப் பார்த்துப் பேச வேண்டும். மூன்றாவது கேள்வியில் ஒரு படம் வரும். யோசிக்க 30 விநாடி, பேச 60 விநாடி. கூடவே ஒரு குறிப்பும் வரும்: நீங்கள் யாரிடம் பேசுகிறீர்களோ அவருக்கு இந்தப் படம் தெரியாது.

பலர் அந்தக் குறிப்பைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் பேசுவதைக் கேட்டால் பட்டியல் வாசிப்பதுபோல இருக்கும்: ஒரு பெண், ஒரு பையன், ஒரு நாய், மரம், மேகம். எது எங்கே இருக்கிறது என்று கேட்கிறவருக்குப் புரியாது.

ஒரு படத்தை வைத்தே பார்ப்போம். பூங்கா. முன்னால் நடுவில் ஒரு பெஞ்சில் பெண் ஒருத்தி புத்தகத்தில் மூழ்கியிருக்கிறாள். வலது பக்கம் ஒரு பையன், குளத்தை நோக்கி உருளும் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். இடது பக்கம் புல்தரையில் ஒரு விரிப்பு; அதன் மேல் சாப்பாட்டுக் கூடை, கூடைக்குள் மூக்கை நுழைக்கும் நாய். தூரத்தில் ஒரு குடும்பம் குடையையும் நாற்காலிகளையும் மடித்துக்கொண்டிருக்கிறது. மேலே கறுத்த வானம்.

இதை எங்கிருந்து தொடங்குவது? இடத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்: பூங்கா, குளக்கரை, மழை வரும்போலிருக்கிற மாலை. கேட்கிறவருக்கு நிற்க ஒரு தரை கிடைத்துவிட்டது. அடுத்து முன்புறத்துக்கு வாருங்கள். பெஞ்சுப் பெண்ணை ஆணிபோல அடித்து வைத்துக்கொண்டு, அவளுக்கு வலப்பக்கம் பையன், இடப்பக்கம் நாய் என்று போகலாம். பேச்சில் பாதிக்கு மேல் இங்கேயே செலவாகட்டும். பின்னணிக்கு இரண்டு வாக்கியம் போதும். 60 விநாடியில் நிதானமாகப் பத்து வாக்கியம் சொன்னாலே அதிகம்.

நம்மவர்கள் திணறும் இடம் ஒன்று உண்டு. ‘பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற பெண்’ என்று தமிழில் விவரமெல்லாம் முதலில் வரும், பெண் கடைசியில் வருவாள். ஆங்கிலத்தில் பெண் முதலில் வர வேண்டும். தமிழில் யோசித்துக்கொண்டு பேசுகிறவர் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட நேரமில்லாமல் நின்றுவிடுகிறார். அதனால் 30 விநாடியில் முழு வாக்கியம் எழுதப் பார்க்காதீர்கள். ஆளையும் செய்கையையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: பெண் – படிப்பு, பையன் – ஓட்டம். அந்த வரிசையிலேயே பேசுங்கள்.

இன்னொன்று, ‘எ’யும் ‘த’வும். முதல்முறை ‘எ பாய்’ என்றவர் மறுபடியும் ‘எ பாய்’ என்றால், படம் தெரியாதவர் மனத்தில் இரண்டு பையன்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் முறை ‘த பாய்’ என்றால்தான் அதே பையன்.

படத்தின் மனநிலையைச் சொல்லும்போது ‘அழகான படம்’ என்றால் ஒன்றும் சொன்னதாகாது. பெண் அமைதியாக இருக்கிறாள், அவளைச் சுற்றி எல்லாம் பரபரப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். மேகமும் மடிக்கப்படும் குடையும் தாமாகவே உள்ளே வந்து சேரும்.

ஊகத்துக்கும் இதே விதிதான்: கண்ணில் படும் ஓர் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டு ஊகிக்க வேண்டும். பெஞ்சில் பையனின் சட்டை கிடந்தால் அவள் அம்மாவாக இருக்கலாம். இல்லாவிட்டால் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. ‘போலிருக்கிறது’ என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘லுக்ஸ் லைக்’, ‘மைட் பி’ என்று சொல்லிவிடலாம். ஆனால் பந்து தண்ணீரில் விழும், மழை கொட்டும் என்பதையெல்லாம் இங்கே செலவழித்துவிடக் கூடாது. நான்காவது கேள்வி அதே படத்தை வைத்துத்தான் வரும். இனி என்ன நடக்கும் என்று அங்கே தனியாக 60 விநாடி பேச வேண்டும். இரண்டையும் மூன்றாவதிலேயே கொட்டிவிட்டு, நான்காவதில் வாயடைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பழக ஒரு வழி சொல்கிறேன். படத்தை நீங்கள் மட்டும் பாருங்கள். எதிரே இருப்பவர் நீங்கள் சொல்வதை வைத்துப் பென்சிலால் வரையட்டும். மேலே சொன்ன பூங்காவை ஒருவர் தன் மனைவிக்குச் சொன்னார். நல்ல ஆங்கிலம், தடங்கல் இல்லை. அவர் மனைவி வரைந்த தாளில் பெண் இருந்தாள், நாய் இருந்தது. பையன் மட்டும் பெஞ்சை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். பந்தைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் அவர் சொல்லவே இல்லை.