கிண்டிக் காட்டைத் தலைக்கு எவ்வளவு என்று பிரித்தால்

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி பழைய சென்னை எல்லைக்குள் வசித்தவர்கள் ஏறக்குறைய 46.5 லட்சம் பேர். வகுத்தால் தலைக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். ராயபுரத்துத் தாத்தாவின் கணக்கிலும் அது வரவாகிவிடும். மாலையில் பேரனோடு நடக்க அவருக்கு அதனால் என்ன பயன்? அந்தக் காட்டின் பெரும்பகுதிக்குள் பொதுமக்கள் நினைத்தபோது நுழையவும் முடியாது.

ஆகவே நகரத் திட்டக்காரர்கள் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள்: இந்தப் பூங்காவுக்கு நடந்தே வரக்கூடியவர்கள் எத்தனை பேர்? வரைபடத்தில் பூங்காவைச் சுற்றி 400 மீட்டருக்கு ஒரு வளையம் போடுவார்கள். இதற்குப் பஃபர் என்று பெயர்.

ஒரு கற்பனைப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். 2 ஹெக்டேர், சதுர வடிவம். நடுப்புள்ளியிலிருந்து வட்டம் போட்டால் அரை சதுர கிலோமீட்டர்தான் அடங்கும். விளிம்பிலிருந்து போட்டாலோ, பூங்காவைக் கழித்தபின் 0.73 வரும். சதுர கிலோமீட்டருக்கு 25,000 பேர் வசிக்கும் பகுதி என்றால் வளையத்துக்குள் சுமார் 18,000 பேர். பூங்காவின் 20,000 சதுர மீட்டரை அவர்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1.1 சதுர மீட்டர்.

மக்கள்தொகை வார்டுவாரியாகத்தான் கிடைக்கும். வளையமோ வார்டை அறுத்துக்கொண்டு போகும். வார்டின் பரப்பில் 30 சதவீதம் உள்ளே விழுந்தால் மக்களிலும் 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வார்டில் பாதி ஏரியாக இருந்தால் இந்தக் கணக்கு தண்ணீரிலும் ஆட்களைக் குடிவைத்துவிடும். ஏரியையும் ரயில்வே யார்டையும் முதலில் வெட்டி எறிந்துவிட்டுத்தான் விகிதம் போட வேண்டும்.

இதைவிடப் பெரிய பொய் சுற்றுச்சுவரில் இருக்கிறது. வளையம் காக்கை பறக்கும் தூரம். பூங்காவின் பின்சுவரை ஒட்டிக் குடியிருப்பவர் வரைபடத்தில் பத்து மீட்டரில் இருப்பார். வாசலுக்கு வர, தெருவைச் சுற்றி அரை கிலோமீட்டர் நடப்பார். அதனால் வாசலிலிருந்து தெரு வழியே 400 மீட்டரை அளப்பதுதான் சரி. நம் பூங்காவுக்கு ஒரே வாசல் என்று வையுங்கள். அப்படி அளந்தால் 18,000 பேர் 9,000 ஆகச் சுருங்கலாம்.

வேடிக்கை இங்கேதான். ஆள் குறைந்ததும் பங்கு 2.2 சதுர மீட்டராக உயர்ந்துவிடும்! மாநகராட்சி பின்பக்கம் இன்னொரு வாசலைத் திறந்து 14,000 பேர் வரும்படி செய்தால் அது 1.4 ஆகச் சரியும். பூங்கா சுருங்கவில்லை, 5,000 பேருக்குப் புதிதாக வழி கிடைத்திருக்கிறது. ஆனால் அறிக்கையில் மட்டும் நிலைமை மோசமானது போலத் தெரியும். தலைக்கு எவ்வளவு என்று சொல்லும் அறிக்கையில், எத்தனை தலைகள் என்ற வரியையும் தேடிப் பாருங்கள்.