ஒரே ரெஸ்யூமே, பத்து விளம்பரம்: இருபது நிமிடத்தில் மாற்றுவது எப்படி?

வேலை தேடுவோருக்கான நமது மன்றத்தில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது: "ஒரே ரெஸ்யூமேயை எல்லாருக்கும் அனுப்பாதே என்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக எழுத எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டுக் கணினி முன் உட்காருபவர் முதல் மூன்று நாள் ஆர்வமாக எழுதிப் பார்ப்பார். நான்காவது நாள் பழைய ரெஸ்யூமேயையே எல்லாருக்கும் தட்டிவிடுவார். புதிதாக எழுத வேண்டாம், ஏற்கெனவே எழுதி வைத்ததிலிருந்து பொறுக்கி எடுத்தால் போதும் என்று அன்று சொன்னேன். நேரம் போதாமல் விட்டுப்போன விவரங்களை இங்கே விரிவாகப் பார்ப்போம்.

முதலில், ரெஸ்யூமேயை யார் படிக்கிறார்கள்? பெரும்பாலும் அந்தப் பிரிவின் மேலாளர் அல்ல. மனிதவளப் பிரிவில் இருக்கும் ஓர் அலுவலர். அவருக்கு அந்தத் தொழில் நுணுக்கமாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மேலாளர் கேட்ட ஐந்தாறு தகுதிகளை எதிரில் வைத்துக்கொண்டு, அவை முதல் பக்கத்தில் கண்ணில் படுகின்றனவா என்று தேடுகிறார். விண்ணப்பங்கள் அதிகமானால் கணினியில் அந்தச் சொற்களைத் தட்டித் தேடுகிறார். உங்களுக்கு அனுபவம் இருந்தும் அது வேறு பெயரில், இரண்டாம் பக்கத்தில் கிடந்தால் அவருக்குத் தெரியாது. ஆக, நாம் மாற்ற வேண்டியது முதல் பக்கத்தின் மேல் பாதியை மட்டுமே.

இதற்கு அடிப்படையாக ஒரு பெரிய ரெஸ்யூமே வேண்டும். இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. நான்கு பக்கமோ ஐந்து பக்கமோ ஆகட்டும். நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாக எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை, எந்த மென்பொருளில், யாரோடு சேர்ந்து. "அலுவலக வேலைகளைக் கவனித்தேன்" என்ற வரி எதற்கும் உதவாது. இப்படி 25 அல்லது 30 வரி சேர்ந்ததும், அவற்றை ஆவணம், வாடிக்கையாளர், கணக்கு, கொள்முதல் என்று கூறு பிரித்து அடுக்குங்கள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். அந்த ஒரு நாளைக் கொடுக்காதவர்களுக்கு நான் கீழே சொல்லும் இருபது நிமிடக் கணக்கு ஒத்துவராது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. கிள்ளான் துறைமுகத்தில் ஃபார்வர்டிங் கம்பெனி ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்யும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். டிப்ளோமா முடித்தவர். பதவியின் பெயர் ஆப்பரேஷன்ஸ் அசிஸ்டெண்ட். அவருடைய ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. வீட்டுக் கடனும் இருக்கிறது. ஷா ஆலாமில் உள்ள ஒரு தொழிற்சாலை பர்ச்சேசிங் அசிஸ்டெண்ட் தேடுகிறது. விளம்பரத்தில் உள்ள வேலைகள் இவை: பர்ச்சேஸ் ஆர்டர் போடுவது, வெளிநாட்டு சப்ளையர்களிடம் சரக்கு எப்போது வரும் என்று விடாமல் கேட்டுப் பெறுவது, சுங்க அனுமதிக்காக ஃபார்வர்டரோடு தொடர்பில் இருப்பது, இன்வாய்ஸ்களைச் சரிபார்ப்பது. கேட்கும் தகுதி டிப்ளோமா, இரண்டு ஆண்டு அனுபவம், எக்செல். மாண்டரின் தெரிந்தால் கூடுதல் சிறப்பு.

முதல் ஐந்து நிமிடம் விளம்பரத்தைப் படிக்க மட்டும். அதை வேர்டில் ஒட்டி, "கட்டாயம்" என்று கேட்பதை ஒரு நிறத்திலும், "இருந்தால் நல்லது" என்பதை இன்னொரு நிறத்திலும் அடையாளமிடுங்கள். மாண்டரின் இரண்டாவது நிறத்தில் விழுகிறது, கவனித்தீர்களா? நம் பிள்ளைகள் பலர் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கூடுதல் சிறப்பு என்றால் கட்டாயமில்லை. பிறகு வேலைப் பட்டியலில் முதலில் வருபவற்றைப் பாருங்கள். முக்கியமானதை முன்னால் எழுதுவதுதான் பொதுவான வழக்கம்.

அடுத்த ஏழு நிமிடத்தில் பெரிய ரெஸ்யூமேயைத் திறந்து, அடையாளமிட்ட ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வரியை எடுங்கள். நம் எடுத்துக்காட்டுப் பெண் தினமும் கே1, கே2 படிவங்களைத் தயாரிப்பவர். கே1 இறக்குமதிக்கான சுங்கப் படிவம், கே2 ஏற்றுமதிக்கானது. அதற்காகச் சீனா, தைவான் சப்ளையர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் கேட்டு வாங்குகிறார். இரண்டிலும் எண்ணிக்கையும் எடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். அவருடைய பழைய ரெஸ்யூமேயில் இது "கே1, கே2 படிவங்களைத் தயாரித்தேன்" என்ற ஒரே வரியாகக் கிடந்தது. தொழிற்சாலையின் மனிதவள அலுவலருக்குக் கே1 என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம்.

அதே உண்மை, தொழிற்சாலைக்கு இப்படிப் போக வேண்டும்: "வாரத்துக்குச் சுமார் 30 இறக்குமதிச் சரக்குகளுக்கு வெளிநாட்டு சப்ளையர்களிடம் தொடர்ந்து கேட்டு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் பெற்று, சரிபார்த்து, சுங்க அனுமதிக்கான கே1 படிவம் தயாரித்தேன்." இந்த ஒரு வரி விளம்பரத்தின் மூன்று தேவைகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. இதே பெண் மறுநாள் வேறொரு ஃபார்வர்டிங் கம்பெனிக்கு விண்ணப்பித்தால் வரி திரும்ப வேண்டும்: அங்கே கே1, கே2, பில் ஆஃப் லேடிங் நகலைச் சரிபார்த்தது, படிவங்களைக் கணினிவழி அனுப்பியது ஆகியவை முன்னால் வர வேண்டும், சப்ளையர் பேச்சு பின்னால் போகலாம். செய்த வேலை ஒன்றுதான், காட்டும் பக்கம்தான் வேறு. இந்த இரண்டு வடிவங்களையும் பெரிய ரெஸ்யூமேயில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேமித்துவிட்டால் அடுத்த முறை யோசிக்கவே வேண்டாம்.

பர்ச்சேஸ் ஆர்டர்? ஃபார்வர்டிங் கம்பெனியில் இருப்பவருக்கு வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டரைக் கையாளும் வேலை பொதுவாக வராது. ஆனால் அலுவலகத்துக்கான பேலட், காகிதம் போன்றவற்றுக்கு மாதம் நாலைந்து ஆர்டர் இவரே போட்டிருக்கிறார். அதை அந்த அளவிலேயே எழுதலாம். "கொள்முதல் முழுவதையும் கையாண்டேன்" என்று எழுதினால் நேர்முகத் தேர்வில் மேலாளர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். பதவிப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். ஆப்பரேஷன்ஸ் அசிஸ்டெண்ட் என்பதைப் பர்ச்சேசிங் அசிஸ்டெண்ட் என்று மாற்றக்கூடாது. பழைய முதலாளியிடம் விசாரிப்பார்கள். சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை கேட்கும் நிறுவனங்களும் உண்டு. உண்மையான பெயரை எழுதி, பக்கத்தில் கோடிட்டு "இறக்குமதி ஆவணங்கள், சப்ளையர் தொடர்பு" என்று வேலையின் தன்மையைச் சொல்வது நேர்மையான வழி.

பிறகு நான்கு நிமிடம், மேலே உள்ள இரண்டு மூன்று வரி அறிமுகத்துக்கு. விண்ணப்பிக்கும் பதவி, எத்தனை ஆண்டு அனுபவம், விளம்பரம் கேட்கும் முதல் இரண்டு திறன். அவ்வளவுதான். கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துப்போகிறவர் என்பதெல்லாம் எல்லாருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கிறது, இடத்தைத்தான் அடைக்கும். திறன் பட்டியலில் எக்செல் ஏழாவதாக இருந்தால் முதலுக்குக் கொண்டு வாருங்கள். கல்வி, முந்தைய வேலைகள், மொழிகள் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். லோரி ஓட்டுநர்களோடு பேசி நேரம் குறித்தது, கவுண்டரில் நின்றது போன்ற வரிகள் இந்த விளம்பரத்துக்குத் தேவையில்லை; எடுத்துவிடலாம். அனுப்புவது இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது.

கடைசி நான்கு நிமிடம் சரிபார்ப்பு. முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாக வந்தாலோ, தொலைபேசி எண் காணாமல் போனாலோ, உங்கள் ரெஸ்யூமேயில் கட்டங்களும் அலங்காரப் பெட்டிகளும் இருக்கின்றன என்று பொருள். நிறுவனத்தின் மென்பொருளும் அதை அப்படித்தான் படிக்கக்கூடும். விளம்பரத்தின் சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கச் சொல்லித் தரும் "நிபுணர்கள்" இருக்கிறார்கள். நோட்பேடில் அது பளிச்சென்று தெரியும், அலுவலரின் திரையிலும் தெரியலாம். விளம்பர வாசகத்தை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். எழுதியவரே படிக்கப் போகிறார்.

இந்த முறையில் அதிகம் நடக்கும் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய ரெஸ்யூமேயிலிருந்து தொடங்காமல், நேற்று அனுப்பியதைத் திறந்து அதிலேயே மாற்றுவார்கள். நாலாவது விண்ணப்பத்துக்குள் நல்ல வரிகள் பல காணாமல் போயிருக்கும். முந்தைய நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் பெரிய கோப்பிலிருந்தே தொடங்குங்கள். அனுப்பும் முன் Ctrl+F அழுத்தி முந்தைய நிறுவனத்தின் பெயரையும் பதவியையும் தேடிப் பாருங்கள். ஜாப்ஸ்ட்ரீட் போன்ற தளங்களில் உங்கள் சுயவிவரப் பக்கமும் ரெஸ்யூமேயோடு சேர்ந்து போகும். வேலையில் சேர்ந்த மாதம், விலகிய மாதம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அனுப்பிய ரெஸ்யூமேயையும் விளம்பரத்தையும் ஒரே கோப்புறையில், நிறுவனத்தின் பெயரும் தேதியும் இட்டு வையுங்கள். விண்ணப்பக் காலம் முடிந்ததும் விளம்பரம் தளத்திலிருந்து மறைந்துவிடும். மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி வரும்போது, எந்த வடிவத்தை அனுப்பினோம் என்று தெரியாமல் விழிக்க வேண்டாம்.

எல்லா விளம்பரத்துக்கும் இதைச் செய்யத் தேவையில்லை. கட்டாயம் என்று அடையாளமிட்டவற்றில் பாதிக்குக்கூடப் பெரிய ரெஸ்யூமேயில் வரி கிடைக்கவில்லை என்றால் அந்த விளம்பரத்தை விட்டுவிடுங்கள்; எந்த மாற்றமும் அதைக் காப்பாற்றாது. மற்றபடி, பத்துப் பன்னிரண்டு விண்ணப்பத்துக்குப் பிறகு ஒன்று புரியும்: வருபவை இரண்டு மூன்று வகைக்குள்தான் அடங்குகின்றன. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு அவை ஃபார்வர்டிங் ஆவணம், தொழிற்சாலைக் கொள்முதல், கூரியர் நிறுவன வாடிக்கையாளர் சேவை. வகைக்கு ஒரு வடிவம் கைவசம் வந்ததும் அறிமுக வரியையும் முதல் மூன்று வரிகளையும் மாற்றினாலே போதும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்டு, உங்கள் ரெஸ்யூமேயில் இல்லாமல் போனது எதுவோ, அன்று இரவே அதைப் பெரிய ரெஸ்யூமேயில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.