நுரையீரலுக்குள் ஓர் ஊசி

நாற்பது ஆண்டுகள் பீடி பிடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது நுரையீரலின் அடிப்பகுதியில், முதுகுப் பக்கமாக, 2 செ.மீ. கட்டி. அது புற்றுநோயா, காசநோயா? ஸ்கேன் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டியிலிருந்து துளி சதை எடுத்தாக வேண்டும்.

கட்டி பின்பக்கம் இருப்பதால் அவரைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். முதுகில் கம்பிக் கோடுகள் பதித்த தாளை ஒட்டி ஸ்கேன் எடுத்தால், எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது திரையில் தெரிந்துவிடும். விலா எலும்பின் கீழ்விளிம்பை ஒட்டி ரத்தக்குழாய் ஓடுகிறது. அதனால் ஊசி எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் இறங்கும்.

மரத்துப்போகும் மருந்து போட்டபின் ஊசியைச் சிறிது இறக்கி, ஸ்கேன் பார்த்து, மறுபடி சிறிது இறக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மூச்சை ஒரே அளவில் நிறுத்த வேண்டும். ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டால் கட்டி இடம் மாறிவிடும். நுரையீரலின் அடிப்பகுதியில்தான் இந்த அசைவு அதிகம்.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கின்றன. ஊசித் துளை வழியே அவற்றுக்கு நடுவே காற்று கசிந்தால் நுரையீரல் சுருங்கும். உறையை எத்தனை முறை குத்துகிறோமோ, ஆபத்தும் அத்தனை கூடும். அதனால்தான் குழல்போன்ற வெளி ஊசியை ஒரே தடவை செலுத்தி நிறுத்திவிட்டு, அதன் உள்ளே மெல்லிய ஊசியை விட்டுவிட்டுப் பல துணுக்குகளை எடுக்கிறார்கள். ஒரு பகுதி பார்மலினுக்குப் போகும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டிய துணுக்கை மட்டும் உப்புநீரில் போட வேண்டும். பார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும், சுமார் நான்கில் ஒருவருக்குக் காற்று கசிகிறது. பலருக்கு அது எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும் சிறு கசிவு. குழாய் வைக்கும் நிலை ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு வரும். புகைபிடித்துக் காற்றுப்பைகள் சிதைந்த நுரையீரலில் துளை எளிதில் மூடாது; நம் பீடிக்காரருக்கு உள்ள பெரிய கவலை இதுதான்.

ஊசியை எடுத்ததும் அவரை மல்லாக்கப் புரட்டுகிறார்கள். குத்திய இடம் உடலின் எடையில் அழுந்தும்போது உறைகள் நெருங்கிக் கசிவு குறைய வாய்ப்புண்டு. பிறகு சில மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே. காற்று கொஞ்சம்தான் என்றால் ஆக்ஸிஜன் கொடுத்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கூடிக்கொண்டே போனாலோ மூச்சு வாங்கினாலோ, விலா இடுக்கில் மெல்லிய குழாய் செருகி, அதன் மறுமுனையை நீர்ப் பாட்டிலில் வைப்பார்கள். இருமும்போது பாட்டிலில் குமிழி வந்தால் கசிவு இன்னும் இருக்கிறது. குமிழி நின்று எக்ஸ்ரேயிலும் நுரையீரல் விரிந்திருந்தால் குழாயை எடுக்கலாம்.

சிலருக்குக் கசிவு வீட்டுக்குப் போன பிறகும் தலைகாட்டும். திடீர் நெஞ்சுவலி, கூடும் மூச்சுத்திணறல், நிற்காமல் இருமலில் ரத்தம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உள்ளே காற்று இருக்கும்வரை விமானப் பயணமும் கூடாது. உயரே போகப் போக அந்தக் காற்று விரியும்.