ஹோட்டல் பில்லைப் பங்கு பிரிப்பது எப்படி?

பலர் சேர்ந்து சாப்பிட்ட பில்லைப் பிரிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுப்பது ஒன்று. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கொடுத்துவிட்டு, வரியையும் சர்வீஸ் சார்ஜையும் மட்டும் சமமாகப் பிரித்துக்கொள்வது இரண்டாவது. அவரவர் சாப்பிட்ட தொகைக்கு ஏற்ற விகிதத்தில் எல்லாவற்றையும் பிரிப்பது மூன்றாவது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே விலைக்குச் சாப்பிட்டிருந்தால் எந்த வழியில் போனாலும் கணக்கு ஒன்றுதான். ஒருவர் அதிகமாகவும் ஒருவர் குறைவாகவும் சாப்பிட்டிருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

சென்னையில் ஓர் உணவகத்துக்கு ஒரே அலுவலகத்திலிருந்து நால்வர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மேலாளர் மட்டன் பிரியாணியும் ஃபலூடாவும் சாப்பிடுகிறார். இரண்டும் சேர்ந்து 600 ரூபாய். கணக்காளரின் சிக்கன் பிரியாணிக்கும் லைம் சோடாவுக்கும் 400 ரூபாய். விற்பனையாளரின் கொத்துப் பரோட்டா 240 ரூபாய். பயிற்சிக்கு வந்திருக்கும் இளைஞர் சைவம். அவருடைய வெஜ் பிரியாணி 220 ரூபாய். இவை தவிர, நடுவில் வைத்து எடுத்துக்கொள்ள 240 ரூபாய்க்கு கோபி மஞ்சூரியனும் 300 ரூபாய்க்கு சிக்கன் 65-ம் வருகின்றன. ஆக உணவின் விலை 2,000 ரூபாய்.

அதன் மேல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் 200 ரூபாய் சேர்ந்து 2,200 ஆகிறது. இந்த 2,200-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி 110 ரூபாய். பில்லில் இது சிஜிஎஸ்டி 55, எஸ்ஜிஎஸ்டி 55 என்று மத்திய, மாநில வரிகளாக இரண்டு வரிசையில் இருக்கும். கட்ட வேண்டிய மொத்தம் 2,310 ரூபாய்.

முதல் வேலை, பொதுவாக வந்த பதார்த்தங்களை அவற்றைச் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் பிரிப்பது. கோபி மஞ்சூரியனை நால்வரும் எடுத்துக்கொண்டதால் ஆளுக்கு 60 ரூபாய். சிக்கன் 65-ஐ அசைவம் சாப்பிடும் மூவரே எடுத்தார்கள். ஆளுக்கு 100 ரூபாய். இவற்றைச் சேர்த்தால் மேலாளருக்கு 760, கணக்காளருக்கு 560, விற்பனையாளருக்கு 400, இளைஞருக்கு 280 ரூபாய். நான்கையும் கூட்டினால் 2,000 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு பதார்த்தம் விடுபட்டிருக்கிறது, அல்லது இருவர் கணக்கில் ஏறியிருக்கிறது. மேற்கொண்டு போவதற்கு முன் இங்கேயே அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது வரியும் சர்வீஸ் சார்ஜும். இரண்டும் சதவீதமாகப் போடப்படுபவை. 100 ரூபாய்க்குச் சாப்பிட்டவரால் பில்லில் ஏறும் கூடுதல் தொகை எவ்வளவோ, 300 ரூபாய்க்குச் சாப்பிட்டவரால் அதைப்போல் மூன்று மடங்கு ஏறுகிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சதவீதம் போட வேண்டியதில்லை. கட்ட வேண்டிய மொத்தத்தை உணவின் விலையால் ஒரு முறை வகுத்தால் போதும்.

2,310 ÷ 2,000 = 1.155

இந்த எண்ணால் அவரவர் தொகையைப் பெருக்கினால் பங்கு கிடைத்துவிடும். மேலாளருக்கு 877.80, கணக்காளருக்கு 646.80, விற்பனையாளருக்கு 462, இளைஞருக்கு 323.40 ரூபாய். பைசாவை முழு ரூபாயாக்கினால் 878, 647, 462, 323. கூட்டினால் சரியாக 2,310.

பெருக்கும் எண் 1.15 ஆகாமல் 1.155 ஆனதற்குக் காரணம், சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி போடப்பட்டதுதான். பத்தும் ஐந்தும் பதினைந்து என்று மனக்கணக்கில் ஆளாளுக்கு 15 சதவீதம் கூட்டிக் கொடுத்தால் 2,300 ரூபாய்தான் சேரும். குறைகிற 10 ரூபாய், பில் கட்டியவர் தலையில் விழும். சிங்கப்பூரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அங்கே 10 சதவீத சர்வீஸ் சார்ஜின் மேல் 9 சதவீத ஜிஎஸ்டி வருவதால் பெருக்கும் எண் 1.199, அதாவது கூடுவது 19 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட 20.

மற்ற இரண்டு வழிகளில் யாருக்கு எவ்வளவு நட்டம்? மொத்தத்தையும் சமமாக வகுத்தால் ஆளுக்கு 577.50 ரூபாய். இளைஞர் தன் பங்கைவிட 254.10 ரூபாய் அதிகம் கொடுக்கிறார், மேலாளருக்கு 300.30 ரூபாய் மிச்சம். இரண்டாவது வழி பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் கூடுதலான 310 ரூபாயை நாலாக வகுத்து ஆளுக்கு 77.50 போட்டால், இளைஞர் கொடுப்பது 357.50. அவருடைய சரியான பங்கைவிட இது 34.10 ரூபாய் அதிகம். மேலாளரின் ஃபலூடாவுக்கான வரியில் ஒரு பகுதியை அவர் கட்டுகிறார் என்று பொருள்.

பங்கு பிரிப்பதற்கு முன், பில்லில் சர்வீஸ் சார்ஜ் இருக்கலாமா என்பதையும் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரைக் கேட்காமல் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வேறு பெயரில் வசூலிப்பதும், பில்லில் கூட்டி அதற்கும் ஜிஎஸ்டி போடுவதும் கூடாது என்றும் அது சொல்கிறது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எனவே விருப்பமில்லாதவர்கள் அதை எடுத்துவிடச் சொல்லலாம். மேலே சொன்ன பில்லில் எடுத்துவிட்டால் 200 ரூபாயோடு அதற்கான வரி 10 ரூபாயும் போய், மொத்தம் 2,100 ஆகும். பெருக்கும் எண் 1.05, பங்குகள் 798, 588, 420, 294.

தள்ளுபடி வந்தாலும் இதே முறை பொருந்தும். பில் முழுவதற்கும் 10 சதவீதமோ 200 ரூபாயோ குறைத்திருந்தால், கடைசித் தொகையை மெனு விலையின் மொத்தத்தால் வகுத்தால் தள்ளுபடியும் அந்த எண்ணுக்குள் வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட பதார்த்தத்துக்கு மட்டும் தள்ளுபடி என்றால், அதை அந்தப் பதார்த்தத்தின் விலையிலேயே முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். மெனு விலையிலேயே வரி அடங்கியிருந்தாலோ, தனியாக வரி போடாத சிறிய ஹோட்டலாக இருந்தாலோ பெருக்கும் எண் 1. அவரவர் சாப்பிட்டதே அவரவர் பங்கு.

ஒரே எண் போதாத இடம், பில்லில் மது இருக்கும்போது. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி வேறு விகிதத்தில் வரும். உணவையும் மதுவையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணால் பெருக்கினால், குடிக்காதவரும் மதுவின் வரியில் பங்கு கொடுக்க நேரும். உணவுக்கு ஓர் எண், மதுவுக்கு ஓர் எண் என்று தனித்தனியே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

நால்வரில் ஒருவர் விருந்தாளி என்றால் அவர் பங்கையும் முதலில் வழக்கம்போலக் கணக்கிட்டு, பிறகு மற்றவர்கள் சமமாக ஏற்கலாம். விருந்தாளி அதே இளைஞர் என்றால் அவருடைய 323.40 ரூபாய் மூவருக்கும் ஆளுக்கு 107.80 ஆகப் பிரியும். மேலாளர் 985.60, கணக்காளர் 754.60, விற்பனையாளர் 569.80 கொடுப்பார்கள். உபசரிப்பில் மூவருக்கும் சம பங்கு என்பதால் இதற்கு விகிதம் பார்க்க வேண்டியதில்லை. பில்லுக்கு வெளியே வைக்கும் டிப்ஸும் அப்படித்தான். அது சதவீதமாகப் போடப்பட்டதல்ல என்பதால் சமமாகப் பிரித்தாலே போதும்.