‘இருந்தால்’, ‘இருந்திருந்தால்’: ஏக்க வாக்கியங்களில் காலம்

ஆங்கிலப் பயிற்சித் தாள்களில் ‘விஷ்’, ‘இஃப் ஒன்லி’ என்று தொடங்கும் வாக்கியங்களைக் கண்டதும் நம் மாணவர் தயங்குகின்றனர். கோடிட்ட இடத்தில் எந்தக் காலத்தை எழுதுவது என்பதே அவர்தம் இடர்ப்பாடு. இப்பகுதியை ஆங்கில ஆசிரியரின் பொறுப்பென்று தமிழாசிரியர் ஒதுக்கிவிடுவதற்கில்லை. பிழையின் வேரும், அதனைத் திருத்தும் கருவியும் தமிழிலேயே உள்ளன.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். தைப்பூசத்தன்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு குடும்பம் காரில் பத்துமலைக்குப் புறப்படுகிறது. 2010-ஆம் ஆண்டு முதல் பத்துமலை வரை மின்தொடர்வண்டி செல்கிறது; ஆயினும் அவர்கள் அதில் ஏறவில்லை. இப்போது நெரிசலில் சிக்கி நிற்கின்றனர். பயிற்சித் தாள் இரண்டு வினாக்களைத் தருகிறது. முதலாவது: ‘ஐ விஷ் வீ ____ ஆன் த ட்ரெயின் நவ்’. இரண்டாவது: ‘ஐ விஷ் வீ ____ த ட்ரெயின் திஸ் மார்னிங்’.

முதல் வினாவில் ‘நவ்’ என்ற சொல்லைக் கண்ட மாணவன் நிகழ்காலமாக ‘ஆர்’ என்று எழுதுகிறான். இரண்டாவதில், காலைப்பொழுது கழிந்துவிட்டதால் ‘டுக்’ என்று எழுதுகிறான். இரண்டும் பிழை. உரிய விடைகள் முறையே ‘வேர்’, ‘ஹேட் டேக்கன்’ என்பன. காலப்பெயரை மட்டும் பார்த்து வினையைத் தேர்ந்ததே தவற்றுக்குக் காரணம்.

அவன் செய்யவேண்டியது இது. நடந்த உண்மையை முதலில் தனியே எழுதுக. ‘நாம் இப்போது தொடர்வண்டியில் இல்லை’ என்பது நிகழ்கால உண்மை. அதற்கு மாறான ஏக்கத்தை ஆங்கிலம் ஒரு படி பின்னே தள்ளி, இறந்தகால வடிவில் கூறும். ‘காலையில் நாம் தொடர்வண்டியில் ஏறவில்லை’ என்பது இறந்தகால உண்மை. அதனையும் ஒரு படி பின்னே தள்ளினால், இறந்தகாலத்திற்கும் முந்திய ‘ஹேட்’ வடிவம் வரும். உண்மை எதிர்மறையாயின் ஏக்கம் உடன்பாடாகும். உண்மை உடன்பாடாயின் ஏக்கம் எதிர்மறையாகும். இங்கே இறந்தகால வடிவம் காலத்தைக் காட்ட வரவில்லை. ‘உண்மை அவ்வாறில்லை’ என்பதைக் காட்டவே வந்தது.

இது நமக்குப் புதிதன்று. ‘வந்தால்’, ‘உண்டால்’, ‘ஓடினால்’ என்னும் சொற்களைப் பிரித்துப் பாருங்கள். இறந்தகால அடியின்மேல் ‘ஆல்’ சேர்ந்திருக்கிறது. எனினும் ‘நாளை வந்தால்’ என்கிறோம். எவரும் முரண் காண்பதில்லை. பழைய வடிவமாகிய ‘செயின்’ என்னும் எச்சத்தை நன்னூலார் எதிர்காலத்திற்கே உரியதாக்கினார். அதன் இடத்தை இறந்தகால அடிகொண்ட ‘செய்தால்’ பற்றிக்கொண்டது. வடிவம் ஒரு காலமும் பொருள் ஒரு காலமுமாக இருப்பது தமிழ் மாணவனுக்கு அன்றாடப் பழக்கம். அவன் அதனை அறியாமலே செய்கிறான், அவ்வளவே.

கழிந்துபோனதற்கு இரங்கும்போது தமிழ் ‘இரு’ என்னும் துணைவினையைச் சேர்க்கிறது. ‘இப்போது தொடர்வண்டியில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!’ ‘காலையில் தொடர்வண்டியில் வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!’ முன்னதற்கு ‘வேர்’, பின்னதற்கு ‘ஹேட் டேக்கன்’. ‘இஃப் ஒன்லி’ என்பதன் உணர்ச்சியைத் தமிழில் ‘கூடாதா’ நன்கு ஏந்துகிறது. ‘இங்கே ஒரு நிழலாவது இருக்கக் கூடாதா!’ என்பது இன்றைய ஏக்கம். ‘நீ முன்பே சொல்லியிருக்கக் கூடாதா!’ என்பது நேற்றைய ஏக்கம். மலாய் மொழியிலோ வினை காலத்திற்கேற்ப வடிவம் மாறுவதில்லை. ‘கலாவ்’ என்பதோடு காலப்பெயர் சேர்ந்தால் போதும். நம் பிள்ளைகள் காலப்பெயரையே நம்பி விடை எழுதுவதற்கு அப்பழக்கமும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து.

தமிழ்க் கருவி இரண்டு இடங்களில் வழுக்கும். ‘மழை வந்தால் நன்றாயிருக்கும்’ என்பதில் மழை வரவும் கூடும். நடக்கக்கூடியதையும் நடவாததையும் தமிழ் ஒரே வடிவால் கூறுகிறது. ஆங்கிலமோ பிரித்துக் கூறும். அங்கே ‘விஷ்’ வந்தால் ‘வுட்’ சேர வேண்டும். வரும் என்ற நம்பிக்கையிருந்தால் ‘ஹோப்’ என்றே சொல்லிவிடலாம். மற்றொன்று, ‘தெரிந்திருந்தால்’ போன்ற சொற்கள். ‘எனக்கு மலாய் தெரிந்திருந்தால்’ என்பது இன்றைக்கும் பொருந்தும், அன்றைக்கும் பொருந்தும். முற்றுவினையை நோக்கினால் சில வேளை ஐயம் நீங்கும். ‘பேசியிருப்பேன்’ என்பது கழிந்த வாய்ப்பைச் சுட்டும். ‘இப்போது பேசுவேன்’ என்பது இன்றைய நிலையைச் சுட்டும்.

ஆனால் எச்சமும் முற்றும் ஒரே காலத்தில் நிற்கவேண்டும் என்று மாணவனுக்கு விதி சொல்லிவிடலாகாது. ‘காலையில் தொடர்வண்டியில் வந்திருந்தால் இந்நேரம் 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் இருப்போம்’ என்பது செம்மையான தமிழ். ஆங்கிலத்திலும் அதன் முற்பகுதியில் ‘ஹேட் டேக்கன்’ வரும். பிற்பகுதியில் ‘வுட் பி’ வரும். முன்னது காலையில் தவறிய செயல், பின்னது அதனால் இப்போது நேர்ந்த நிலை. பயிற்சித் தாளில் இரு கோடிட்ட இடங்களும் ஒரே வாக்கியத்தில் வந்தால், ஒவ்வொன்றிற்கும் உரிய உண்மையை வெவ்வேறாக எழுதச் சொல்லுங்கள்: ‘காலையில் ஏறவில்லை, இப்போது குகைக்குள் இல்லை.’